மீட்டருக்கு ஒன்று நாற்பது

சடாரென்று ஒரு சத்தம். மூன்றாம் தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டை பறந்து நெசவாளி ஆறுச்சாமியின் நெற்றியில் மோதி, சுவரோரம் போய் விழுந்தது. ஆறுச்சாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கு வழியே ரத்தம் இறங்கியது.

கோகிலாமணி, நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய தார்கள் இருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். தன் பக்கத்துத் தார் மிஷினையும் நிறுத்தினாள். புருஷன் சுப்புராசு துண்டை எடுத்து ஆறுச்சாமியின் தலையில் கட்டி, மொபெட்டில் ஏற்றினான்.

"கருமத்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ இங்கயே இரு" என்றான்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் தெய்வசிகாமணியின் நான்கு தறிகளும் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவன் வாசலில் வந்து நின்று அண்ணியை எட்டிப் பார்த்தான்.

"நாலு தையல் போட்டா சரியாப் போயிருமுங் நங்கையா. அதுக்குப் போய் நாலு தறியவும் நிறுத்தீட்டீங்களா? நாளைக்கு ஒண்ணாந்தேதி. கணக்குல துணி மீட்டர் இன்னும் கொறையுமே."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

நாளைக்கு ஒண்ணாந்தேதி என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பாகம் பிரித்தபோது மின் இணைப்பு மாமனார் பெயரிலேயே நின்றுவிட்டது. பெயர் மாற்ற, இணைப்பைப் பிரிக்க, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். தெய்வசிகாமணி போடவில்லை. அதனால் கோகிலாமணி பக்கத்துக்கு ஒரு சப் மீட்டர். அதில் ஓடிய யூனிட் அவளுக்கு, மொத்த பில்லில் மிச்சம் அவனுக்கு. யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வீட்டுக்குள் பேச்சு.

மாதா மாதம் ஒண்ணாந்தேதி சுப்புராசு ஸ்டூல் போட்டு ஏறி, சப் மீட்டரைப் படிப்பான். செல்போனில் தட்டி, நெய்த துணியால் வகுத்துச் சொல்வான். சித்திரைக்கு முன்னால் ஆறாயிரம் மீட்டர் துணிக்கு ஆயிரத்து எண்பது யூனிட். மீட்டருக்கு ஒரு ரூபாய் எட்டு பைசா. சித்திரையிலிருந்து அதே ஆறாயிரம் மீட்டருக்கு ஆயிரத்து நானூறு. மீட்டருக்கு ஒன்று நாற்பது. நெசவாளிக்குக் கூலி, தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்கக் கூலி, நாடா, வார், எண்ணெய் என்று எல்லாம் போக அவள் கைக்கு மிஞ்சுவதே மீட்டருக்கு முப்பது பைசாதான். அதைக் கரண்ட் தின்றுவிட்டது.

"தம்பிக்கு ஒரு ரூபாய்கூட ஆகலை. உனக்கு மட்டும் ஒண்ணு நாப்பது" என்று சுப்புராசு நாலு பேர் இருக்கும்போது சொல்வான். "தறி ஓட்டத் தெரியோணுமல்ல?"

அவள் பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடித்தாள். வார் இறுக்கம் என்றார்கள், தளர்த்தினாள். கம்பிச் சுருள் மாற்றிக் கட்டின பழைய மோட்டார் கரண்ட் குடிக்கும் என்றார்கள். ஒன்றை மாற்றியே விட்டாள். அப்படியும் ஆயிரத்து நானூறு.

போன மாதம் பொறுக்க முடியாமல் வாயை விட்டுவிட்டாள். "அடுத்த மாசமும் ஒண்ணே கால் ரூபாயத் தாண்டுச்சுன்னா, நானே தறியக் கொடுத்தர்றேன்." அவளுடைய அண்ணன் பாதிப் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த தறிகள். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளத் தெய்வசிகாமணி தயாராக இருந்தான்.

மொபெட் சத்தம் தேய்ந்தது. கோகிலாமணி தரையில் சிந்தியிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது சப் மீட்டரின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. மினுக், மினுக் என்று துடித்துக்கொண்டிருந்தது.

தறி ஓடவில்லையே, இது எதற்கு மினுக்குகிறது?

டியூப் லைட் என்று நினைத்து அணைத்தாள். ஃபேனை அணைத்தாள். விளக்கு கொஞ்சம் நிதானித்தது, நிற்கவில்லை. ஏதோ ஒரு மோட்டார் அவள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளில் இதைப் பார்க்க வழியே இருந்ததில்லை. நான்கு பாவும் ஒரே நாளில் தீர்ந்தால் பிணைக்கிறவர் வரும்வரை கூடம் மொத்தமும் படுத்துவிடும் என்று, முன்பின்னாகத்தான் பாவு ஏற்றுவார்கள். ஒரு தறி நின்றால் மூன்று ஓடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் சேர்ந்தே மூடிவிடுவார்கள். அவளுடைய ஐந்து மோட்டாரும் நின்று, கொழுந்தன் பக்கம் மட்டும் ஓடுவது இதுதான் முதல் தடவை.

சுவிட்ச் போர்டிலிருந்து மேலே போன வயர்களைக் கண்ணால் தொடர்ந்தாள். ஐந்து வயர்கள் அவள் மோட்டார்களுக்கு. ஆறாவது ஒன்று உத்தரத்தின் மேல் பக்கமாகப் படுத்து, நடுச்சுவர் ஓட்டைக்குள் நுழைந்திருந்தது.

அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். வயர் தெய்வசிகாமணியின் பெரிய தார் மிஷினில் போய் முடிந்தது. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார். வெளித்தறிக்காரர்களுக்கும் கூலிக்குத் தார் சுற்றிக் கொடுப்பதால் காலையில் போட்டால் ராத்திரிதான் நிறுத்துவான். சித்திரையில் வாங்கின மிஷின்.

திரும்பி வந்து, அந்த வயருக்கான ஃபியூஸ் கட்டையை உருவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தார் மிஷின் முனகிக்கொண்டே நின்றது. அவன் தறிகள் மட்டும் ஓடின. சப் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்காமல் நின்றது.

தெய்வசிகாமணி வந்தான். அவள் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதக் குடுங் நங்கையா. தார் இல்லாம என்ற தறி நின்னு போகும்."

"நிக்கட்டும். மாசம் முன்னூறு யூனிட்டு என்ற தலையில போட்டு ஓட்டியிருக்கறயே, கூச்சமா இல்ல உனக்கு?"

"நானா போட்டேன்? எனக்கு வயர் வேலையெல்லாம் தெரியாதுங்."

"பின்ன? வயரு தானா நடந்து வந்துச்சா?"

"எதுக்குங் எங்கிட்டச் சத்தம் போட்டுட்டு. அண்ணன் வந்தறட்டும்" என்று அவள் தார் மிஷின்மேல் சாய்ந்து நின்று பீடி பற்ற வைத்தான். அவளுடைய கூடத்தில் அவன் அதுவரை பீடி பிடித்ததில்லை.

கோகிலாமணிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. புருஷன் வரட்டும். மூன்று மாதமாகத் தலை குனிந்து கேட்டதற்கெல்லாம் இன்றைக்கு ஒரு முடிவு. தம்பியின் சட்டையைப் பிடிக்காவிட்டாலும் இரண்டு வார்த்தை கேட்பான். தறி தங்கிவிடும். மீட்டருக்கு மறுபடியும் ஒன்று எட்டு.

சாயங்காலம் மொபெட் வந்து நின்றது. சுப்புராசு தனியாக வந்தான்.

"ஆறு தையல். கண்ணு தப்பிச்சது. ஒரு வாரத்துக்கு வரமாட்டான்" என்றவன், நின்றிருந்த தறிகளையும் தம்பியையும் அவள் கையிலிருந்த கட்டையையும் பார்த்தான்.

"ஏனுங்க, மேல பாருங்க" என்று அவள் உத்தரத்தைக் காட்டினாள். "எங்கிருந்து எங்க போகுதுன்னு பாருங்க. என்ற மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அவன் மேலே பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினான்.

"அந்தக் கட்டையத் திருப்பிச் சொருகு."

"வயரப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் இழுத்த வயர நான் பாக்கோணுமா?"

அவள் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தெய்வசிகாமணி பீடியைத் தரையில் நசுக்கினான்.

"ஏனுங்க?" என்றாள். "தறி வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

சுப்புராசு அவள் கையிலிருந்து கட்டையை வாங்கிச் சொருகினான். அந்தப் பக்கம் தார் மிஷின் ஓடத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மறுபடியும் மினுக்கியது.

"நாஞ் சொல்லி வித்தா உங்கண்ணன் பாதிப் பணம் கேப்பான், கட்டுபடியாகலைன்னு நீயாச் சொன்னா கேக்கமாட்டானல்ல."