ரிஜெக்ட்

மதிப்பெண் பட்டியல் நாலு மணிக்குள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மணி இரண்டே கால். மோனிஷா என்ற ஒரு பெயருக்கு நேராக மட்டும் கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப முடியாமல் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடை வடிவமைப்புத் துறையின் கடைசி வருடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவரும் தன் புராஜெக்ட்டைப் பற்றி எட்டு நிமிடம் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும்; அதை வீடியோவிலும் எடுப்பார்கள். ஐம்பது மதிப்பெண். உள்ளடக்கத்துக்கு இருபது, பேசும் முறைக்கு இருபது, கண் பார்த்துப் பேசுவதற்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் நாலு படி, எந்தப் படிக்கு என்ன அளவு என்று ஒரு தாள். அந்தத் தாளைத் தயாரித்தவள் ஜெயசுதா. ஆசிரியையாக வருவதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடம் தரம் பார்த்தவள். அதனால்தானோ என்னவோ, தாளின் அடியில் இப்படி ஒரு வரியும் சேர்த்திருந்தாள்: மூன்றில் எதிலாவது நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை. சட்டையில் தையல் விட்டிருந்தால் துணி நன்றாக இருக்கிறதே என்று யாராவது அனுப்புவார்களா? பீஸ் ரிஜெக்ட். எழுதும்போது அவளுக்கு அது ரொம்ப சரியாகப் பட்டது.

வெளியிலிருந்து மதிப்பிட வந்தவர் தங்கதுரை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், வெளிநாட்டுப் பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். மோனிஷாவுக்கு அவர் உள்ளடக்கத்தில் பதினேழு போட்டிருந்தார். பேசும் முறைக்கு ஒன்பது. கண் பார்த்துப் பேசுவதற்கு இரண்டு. பத்துக்கு இரண்டு என்றால் கதை முடிந்தது. ஜெயசுதா அதே இடத்தில் ஏழு போட்டிருந்தாள்.

"ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க, நாலரை வருது, பாஸ். ஊட்டுக்குப் போலாம்," என்றார் துறைத் தலைவர் மகுடேஸ்வரன்.

"முடியாதுங்க சார். ஒரு படிக்கு மேல வித்தியாசம் வந்தா சராசரி எடுக்கக்கூடாது, வீடியோவை மறுபடி பாத்துப் பேசித்தான் முடிவு பண்ணோணும்னு நம்ம தாள்லயே இருக்குதுங்க."

"நீங்க எழுதுன தாளு," என்றார் அவர். குத்தலாகத்தான் சொன்னார்.

மோனிஷாவுக்கு ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை உறுதியாகியிருந்தது. அரியர் இல்லாமல் முடித்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் இடம் வேறு யாருக்கோ. அவள் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வெளியே போன ஜெயசுதாவைப் பார்த்ததும் கிட்டே வந்து, "மேடம், பெயிலுங்களா?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டாள். ஜெயசுதா, "இன்னும் முடியல, கண்ணு," என்று சொல்லிவிட்டு, குடிக்காமலே உள்ளே வந்துவிட்டாள்.

வீடியோவை ஓட்டினார்கள். துவைத்த பிறகு டீ-சர்ட் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பது மோனிஷாவின் தலைப்பு. கையில் துவைத்த சட்டை ஒன்று. பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்திருந்ததை விரலால் தடவிக் காட்டினாள். நூலின் முறுக்கு, நிட்டிங் மிஷினில் ஓடும் நூல்களின் எண்ணிக்கை, கடைசியில் துணியைச் சுருக்கி அழுத்தும் காம்பேக்டிங் என்று வரிசையாகச் சொன்னாள்.

"பாருங்க, தலை குனிஞ்சேதான் இருக்குது," என்றார் தங்கதுரை. "எங்க மொகத்தை ஒரு தடவ பாத்துதுங்களா? நாளைக்கு பையர் முன்னாடி இப்படி நின்னா ஆர்டர் வருமுங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. ஜெயசுதாவும் பார்த்தாள், குனிந்துதான் இருக்கிறாள். பின் தான் எதை வைத்து ஏழு போட்டோம்? பிடித்த பிள்ளை என்பதாலா? அந்த நினைப்பு வந்ததும் காது சுட்டது. அப்படித்தான் என்றால் இந்தப் பேனாவைப் பிடிக்கவே தனக்கு யோக்கியதை இல்லை.

"இன்னொரு தடவ ஓட்டுறனுங்க," என்றாள். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் பிரித்தாள். குறிப்பைப் பார்த்துப் படிப்பது ஒன்று, சட்டையைக் காட்டுவதற்காகக் குனிவது ஒன்று, நிமிர்ந்து ஆட்களைப் பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குச்சிக் கோடு.

எட்டு நிமிடம் கழித்து எண்ணினார்கள். குறிப்பைப் பார்த்தது இரண்டே தடவை. சட்டையைக் காட்டக் குனிந்தது பத்தொன்பது. ஒவ்வொரு தடவை காட்டி முடித்ததும் நிமிர்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தது பின் வரிசைகளில் இருந்த பிள்ளைகளை.

ஜெயசுதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று கேமராவைப் பிடித்துக்கொண்டு அவள் பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கதுரையோ முன்னால் தனி மேசையில் இருந்தார். பெரியவர்கள் முகத்தை முறைத்துப் பார்த்துப் பேசிப் பழகாத பெண், பார்வையை அவர் தலைக்கு மேலாகத் தாண்டவிட்டிருக்கிறாள். தாளில் 'பார்வையாளர்களைப் பார்த்து' என்றுதான் இருந்தது. பார்வையாளர் என்றால் யார் என்று இல்லை. காட்டக் குனிவதும் படிக்கக் குனிவதும் ஒன்றா என்பதும் இல்லை.

"பேசும் முறைக்கு ஏனுங்க ஒன்பது?" என்று கேட்டாள்.

"அங்கயும் 'நிமிர்ந்து பார்த்துப் பேசுதல்'னு போட்டிருக்கறீங்களே. குனிஞ்சா கொறைக்கத்தானே வேணும்?"

அவள் தாளை இழுத்துப் பார்த்தாள். இருந்தது. ஒரே குறைக்கு இரண்டு கட்டத்தில் வெட்டு. போதாததற்கு அடியில் அந்த ரிஜெக்ட் வரி. செய்ததெல்லாம் அவள் கைதான்.

"சார், தப்பு பீஸ்ல இல்லீங்க. ஸ்பெக் ஷீட்டுல இருக்குதுங்க," என்றாள்.

தங்கதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பெனியில் பீஸின் அளவெல்லாம் எழுதிய தாளுக்கு அதுதான் பெயர்; அந்தப் பாஷை அவருக்கு நன்றாகப் புரியும்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு மாத்திப் போட்டுட்டு கையெழுத்துப் போடுங்க," என்றார் மகுடேஸ்வரன்.

"அவளுக்கு மட்டும் மாத்துனா அதுதானுங்க ஓரவஞ்சனை. இருபத்திரண்டு பேருக்கும் மறுபடி பாக்கோணும். பழைய மார்க்கைப் பாக்காம."

"மூணு மணி நேரமாகும்! நாலு மணிக்கு லிஸ்ட்டு போகலைன்னா என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. என்னன்னு சொல்லுவேன்?"

"ஜெயசுதா தாளைத் தப்பா எழுதிட்டான்னு சொல்லுங்க."

அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு சாயங்காலம் வரை நேரம் கேட்டு வாங்கினார். அவள் மூன்று திருத்தம் எழுதினாள். பார்வையாளர் என்றால் அறையில் உள்ள எல்லோரும். பொருளைக் காட்டக் குனிவது குறை ஆகாது. பேசும் முறையில் குரல், வேகம், தெளிவு மட்டும். அந்த அடி வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தாள்.

ஆறு மணிக்கு முடிந்தது. மோனிஷாவுக்குக் கண் பார்த்துப் பேசுவதில் இருவருமே தனித்தனியாக ஏழு போட்டிருந்தார்கள். முன்பு பத்து வாங்கிய சிவபிரகாஷ் நாலுக்கு இறங்கினான். எட்டு நிமிடமும் தங்கதுரையை மட்டுமே பார்த்துப் பேசியிருந்தான் பையன். அவன் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்ளலாம்.

வராந்தாவுக்குப் போய் ஜெயசுதா 'பாஸ்' என்று தலையாட்டியதும் மோனிஷா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஜெயசுதா திரும்பி வந்து, நாளெல்லாம் விடாத மூச்சை விட்டாள்.

தங்கதுரை கையெழுத்துப் போட்டுவிட்டு மூடியைப் பேனாவில் செருகினார். கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும், முன்பே அனுப்பிய சரக்கைப் பற்றிக் கடைசியில் கேட்கும் கேள்வியைப் பழக்கதோஷத்தில் இங்கேயும் கேட்டார்.

"ஏனுங்க மேடம், இதே ஸ்பெக்குல முன்னாடி ஏதாச்சும் லாட் போயிருக்குதுங்களா?"

ஜெயசுதாவுக்கு நினைவு வந்தது. போன வருடம். அதே தாள். உள்ளடக்கத்தில் பதினெட்டு வாங்கிய ஒருவனை அந்த அடி வரியைக் காட்டித்தான் அவள் பெயிலாக்கினாள். மறுபடி பேச வா என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியும் அவன் வரவில்லை.

"போயிருக்குதுங்க," என்றாள். "வேல்குமார்னு ஒரு பையன்."