நெட்டையன் ஒதுங்கிய இடம்

சனிக்கிழமை அரையிறுதியில் நெட்டையனை உட்கார வைத்துவிடுவது என்று பயிற்சியாளர் முடிவு கட்டிவிட்டார். நெட்டையன் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். போன மூன்று ஆட்டங்களிலும் முதல் பாதியில் கோல் விழுந்தது அவன் பக்கமாகத்தான். அரையிறுதியில் உட்கார்ந்தால் அடுத்த வருட ஒப்பந்தமும் கைநழுவிப் போகும். அது அவனுக்கும் தெரியும்.

“வாயால சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். படத்தைக் காட்டணும். போட்டுக் குடும்மா,” என்றார் மருமகளிடம்.

அணியின் வீடியோக்களை அலசும் வேலை மருமகளுடையது. மாமனார் தயவில் வந்தவள் என்று யாரும் வாயில் போட்டு மெல்லக் கூடாதென்று, எல்லாரையும்விட இரண்டு மடங்கு வேலை பார்ப்பாள். அப்படியும் மெல்லத்தான் செய்தார்கள்.

விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் கேமரா மைதானம் முழுவதையும் மேலிருந்து பிடிக்கும். மூலைகள், நடுக்கோடு, பெனால்டி பெட்டி என்று அளவு தெரிந்த புள்ளிகளை அவள் குறித்துக் கொடுத்தால், ஒவ்வொருவன் காலடியும் தரையில் எங்கே என்று மென்பொருள் மீட்டர் கணக்கில் சொல்லும். இரண்டு பேர் உரசிக்கொண்டு போனால் இவனை அவனாக்கிவிடும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். பிறகு தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் இருந்தான் என்று கூட்டினால் ஹீட்மேப் தயார். அதிகம் இருந்த இடம் சிவப்பு, கால் படாத இடம் வெளுப்பு.

நெட்டையனின் படம் அவனைக் கைவிட்டுவிட்டது. இடது கோட்டோரம், நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால், பிறை வடிவில் ஒரே வெளுப்பு. பையன் பத்து மீட்டர் உள்ளே தள்ளியே ஓடியிருக்கிறான். அந்தச் சந்தில் புகுந்துதான் எதிரணி கோல் அடித்திருக்கிறது. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் படம் படம்தானே?

கையோடு அணி முழுவதற்கும் ஒரு படம் போட்டாள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பதால், இரண்டாம் பாதியை எப்போதும் தலைகீழாகச் சுழற்றித்தான் முதல் பாதியோடு சேர்ப்பாள். அன்று அவசரத்தில் சுழற்ற மறந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழிக்கப் போனவளின் கை அப்படியே நின்றது.

இரண்டு பாதிகளிலும் அதே இடத்தில் அதே வெளுப்பு. இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் ஓட வேண்டியவன் நெட்டையன் இல்லை, வலது பக்க முன்வரிசைக்காரன். அவனும் ஒதுங்கியிருக்கிறான். ஆள் மாறியும் இடம் மாறவில்லை. வழக்கம்போலச் சுழற்றியிருந்தால் அது இரண்டு சோம்பேறிகளின் இரண்டு தனித்தனிக் குற்றமாகத்தான் தெரிந்திருக்கும்.

சேறோ பள்ளமோ என்று வீடியோவைப் பார்த்தாள். புல் பச்சைப்பசேலென்று இருந்தது. கோட்டுக்கு வெளியே நிற்பவர்களை மென்பொருள் கணக்கில் சேர்க்காது. அந்தத் தடையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். வெளுப்புக்கு நட்டநடுவே, கோட்டை ஒட்டி, குங்குமச் சிவப்பாக ஒரு பொட்டு.

மறுநாள் அலுவலறையில் படத்தைத் திறந்து காட்டினாள்.

“யாரும்மா இது, இப்படி ஒரே இடத்துல வேர் விட்டு நிக்கிறது? லைன்ஸ்மேனா?”

“நீங்க, மாமா.”

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்ன சொல்ல வர்ற?”

“நீங்க கத்துற கத்துக்கு, பக்கத்துல யாரும் வர மாட்டேங்குறாங்க.”

“சும்மா தற்செயலா அமைஞ்சிருக்கும்!” என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் பம்பைக் கீழே போட்டான்.

நடுவரைத் திட்டியதற்காக அவரை ஓர் ஆட்டம் கேலரியில் உட்கார வைத்தார்களே, அந்த ஆட்டத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே மைதானம், அதே நெட்டையன். கோட்டோரம் முழுக்கச் சிவப்பு.

வெகுநேரம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அவனைக் கூப்பிடு,” என்றார்.

நெட்டையன் வந்து கதவோரமே நின்றான்.

“சனிக்கிழமை நீ ஆடுற. நான் மேல கேலரியில உட்கார்ந்துக்கறேன்,” என்றார் பயிற்சியாளர், அவருக்கு வராத மெல்லிய குரலில். “ஏன்டா, இவ்வளவு நாளா இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

நெட்டையன் மருமகளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான்.

“சொல்லணும்னா கிட்ட வரணுமே, சார்.”