தழும்பு இல்லாத படம்

முகத்தை மெழுகிக் கொடுப்பதில் எனக்கு நிகர் நான்தான். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண ஆல்பம் செய்கிறேன். என் கணினிக்குள் பருவோடு போய்ப் பருவோடு திரும்பிய மணப்பெண் இதுவரை கிடையாது. அந்தத் தலைக்கனத்தோடுதான் அன்று மதியம் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். கதவு படாரென்று திறந்தது.

இரட்டைப் பிறவிகளான அக்காவும் தங்கையும், ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் வந்தவர் பத்து நிமிடம் முந்திப் பிறந்த பெரியவர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம் என்று, விசாவுக்காக முந்தாநாள் என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர். பின்னால் சின்னவர், திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?" பெரியவர் படத்தை மேசையில் போட்டார். "விசா மையத்துல அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டைப் பாக்குறா, இதைப் பாக்குறா, என்னைப் பாக்குறா. அப்புறம் பெஞ்சுல உக்காந்திருந்த இவளைக் காட்டி, 'இது அவங்க படமா?'ன்னு கேக்குறா!"

நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். பெரியவரின் இடது புருவத்துக்கு மேல் கட்டைவிரல் நக நீளத்துக்கு ஒரு தழும்பு. முகத்தில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கிறது, நான் கொடுத்த படத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் அக்காவும் தங்கையும் ஒரே முகம்.

"இதை அப்படியே அனுப்பினா படத்தைத் திருப்பி விட்டுடுவாங்களாம். வேணும்னே அடையாளத்தை மறைச்சதா நினைச்சுட்டா, பொய்த் தகவல்னு விசாவையே மறுக்கலாமாம். அடுத்த தடவை கேட்டாலும் அந்த மறுப்பு கூடவே வருமாம். நாலு மணிக்குள்ள ஒழுங்கான படத்தோட வந்தா இன்னைக்கே வாங்கிப்பாங்க. இல்லேன்னா அடுத்து நேரம் குடுக்கிறது ஆறு வாரம் கழிச்சுத்தான். நான் போறதுக்குள்ள குழந்தை என்னைப் பாத்துச் சிரிக்கவே ஆரம்பிச்சிடும்!"

மணி மூன்று பத்து.

நேற்று படத்தை வாங்க வந்தவர் சின்னவர், தனியாக. "அந்தத் தழும்பை மட்டும் எடுத்துடும்மா, அக்காகிட்ட சொல்லாதே" என்றார். விசாப் படத்தை அளவுக்கு வெட்டலாம், வெளிச்சமும் நிறமும் நிஜம்போல் வரச் சரிசெய்யலாம், முகத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா என்ன? விதிகளை அச்சடித்துச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இருந்தும் இரண்டே இழுப்பில் அழித்து, உறையில் போட்டு ஒட்டித் தந்தேன். கை அரிப்பு, வேறென்ன.

"நான்தான்க்கா அழிச்சேன். தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"யாரு கேட்டா உன்னை?"

நான் சின்னவரைப் பார்க்கவில்லை. அவரே உடைந்துவிட்டார். "நான்தான் கேட்டேன். ஏழு வயசுல கதவை உன் மூஞ்சியில சாத்தினது நான்தானே? நீ கண்ணாடி முன்னாடி நிக்கிறப்பல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வரும். பேரப்பிள்ளையைப் பாக்கப் போறப்பவாவது அது இல்லாம இருக்கட்டும்னு..."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திட்டு விழப் போகிறது என்று நான் காத்திருந்தேன். பெரியவர் தங்கையை முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"படத்துல அழிச்சிட்டா? நேர்ல போறப்ப மூஞ்சியை வீட்ல வச்சிட்டா போவேன்?"

அவ்வளவுதான், நாங்கள் மூவருமே சிரிக்கத் தொடங்கினோம். விசாப் படத்துக்குச் சிரித்த முகம் ஆகாது என்பதுதான் சிக்கல். முதல் படத்தில் பெரியவருக்குப் பல் தெரிந்தது. இரண்டாவதில் வெள்ளைத் திரையில் நிழல் விழுந்தது; வழக்கமாக அதையும் கணினியில் துடைத்துவிடுவேன், இன்று அவரை இரண்டடி முன்னால் நகர்த்தி மறுபடி எடுத்தேன். மூன்றாவது நன்றாக வந்தது. ஆனால் மூக்கின் மேல் புதிதாக ஒரு பரு. என் கை தானாக மௌஸுக்குப் போனது. சின்னவர் பட்டென்று அடித்தார்.

"இருக்கட்டும் விடு!"

அளவுக்கு மட்டும் வெட்டி அச்செடுத்தேன். கடையைப் பூட்டிக்கொண்டு நானும் அவர்களோடு ஓடினேன். மூன்று நாற்பத்தைந்துக்கு மையத்தில் இருந்தோம். கவுன்ட்டர் பெண் படத்தைப் பாஸ்போர்ட்டின் பக்கத்தில் வைத்தாள். புருவத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"இதுதான் வேணும். உள்ளதை உள்ளபடி" என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆல்பம் பார்த்து எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். இந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

வெளியே வந்தும் சின்னவருக்கு மனம் ஆறவில்லை. "இருந்தாலும் அந்தப் படத்துல நீ அழகா இருந்தேக்கா."

பெரியவர் அவர் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டார்.

"அசடே! அந்த மூஞ்சியோட நான் போய் இறங்கினா, என் பொண்ணு 'வாங்க சித்தி, அம்மா எங்கே?'ன்னு கேப்பா."