காலடியில் போட்ட மண்

கெசியாவுக்கு ஒரு வேலை மட்டும் பிடிக்காது, பெரிய மனுஷர்களின் அம்மைத் தழும்பை அழிப்பது. பாளையங்கோட்டை ஞானசிகாமணி போட்டோக் கடையில் ஆறு வருஷமாக அவள் செய்துவந்தது பெரும்பாலும் அதுதான். கண்ணாடித் தகட்டில் தழும்பு இருக்கிற இடத்தைப் பென்சிலால் பொட்டுப் பொட்டாக நிரப்ப வேண்டும். காகிதத்தில் ஏறும்போது முகம் வழவழவென்று ஆகிவிடும். மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னிப் பழகிய கை. அப்பா உடன்குடிப் பக்கம் பனையேறி. அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே பெரிது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருந்தார்கள்.

லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டின வருஷம் மாசி மாதத்தில் முதலாளி ஞானசிகாமணி ஒரு தகட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“ஏளா, இது புளியங்கரைக் கல்யாணம். நம்ம சபைக்காரங்கதான். தையில நான் போய் எடுத்தது. படம் நல்லாத்தான் இருக்கு. தரையைப் பாரு, சாணியும் வைக்கோலும். பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சியைச் சுளிக்காங்க. கல் தரையை எடுத்துட்டு நல்ல மண் தரையாப் போட்டுத் தாயேன்.”

கெசியா தகட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். மாப்பிள்ளை, பெண், பின்னால் குடை பிடித்தவர்கள், கொட்டுக்காரர்கள், நெருக்கியடித்த தலைகள். குடைகளுக்கு மேலே வானம் தவிர வேறொன்றும் இல்லை. கீழே பெரிய பெரிய கல்பாவு.

“தரையையே மாத்தவா? சாணியை மட்டும் அழிச்சாப் போதாதா அண்ணாச்சி?”

“உன்னால ஆவாதுன்னா சொல்லு. மதுரைக்கு அனுப்புதேன்.”

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. கிழவர் ஆளை அறிந்துதான் அடித்தார்.

மூன்று வாரம் அதிலேயே கிடந்தாள். முதலில் ஒரு காகிதத்தில் படத்தை ஏற்றி, கல் இடுக்குகளின்மேல் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தாள். தூரப் போகப்போக நெருங்குகிற அந்தக் கோடுகள் எல்லாம் மாப்பிள்ளையின் முகவாய்க்கட்டைக்கு நேராக ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அப்படியானால் படம் எடுத்தபோது கேமராக் கண் அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. புது மண்ணையும் அதே உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். அதைவிட மேலே வைத்து எடுத்தால் தரை சுவர் மாதிரி எழும்பி நிற்கும்.

“செம்மண் வேண்டாம் அண்ணாச்சி. நம்ம தகட்டுக்குச் சிவப்புத் தெரியாது. தார் பூசினாப்பல கருப்பா விழும்” என்றாள்.

ஆற்றங்கரை வண்டித்தடத்தைத் தேர்ந்தெடுத்தாள். படத்தில் ஆள் நின்ற ஒவ்வொரு இடத்துக்கும் நேராக அவனவன் உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டாள். கேமராவின் பின்கண்ணாடியில் மாப்பிள்ளைக் குச்சி, கல்யாணப் படத்து மாப்பிள்ளையளவுக்கே தெரிகிறவரை முக்காலியை முன்னும் பின்னும் நகர்த்தினாள். நிழல் விழுகிற பக்கம் ஒத்துவரும்படி திருப்பினாள். நீளம் ஒத்துவரவில்லை. ஊர்வலத்தைப் படம் எடுத்த தை மாதக் காலை எட்டு மணிக்கு இருந்த வெயில் மாசியில் அதே மணிக்கு இருக்காதே. காலையில் இரண்டு நாள் உட்கார்ந்து, குச்சி நிழல் சரியான அளவுக்குச் சுருங்குகிற நேரத்தைப் பிடித்தாள்.

“குச்சிக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வச்சிட்டியாளா?” என்று முதலாளி சிரித்தார்.

பிறகு கடையில், கல்யாணத் தகட்டில் தரை முழுவதையும் செங்காவி மையால் மறைத்து ஆட்களை மட்டும் காகிதத்தில் ஏற்றினாள். மண் தகட்டில் ஆட்கள் வரும் இடத்தை, குச்சிகளோடு சேர்த்து மறைத்து, அதே காகிதத்தில் மண்ணை ஏற்றினாள். குச்சி நிழல்களின்மேல் நீர்த்த வர்ணத்தால் ஆள் நிழலையும் குடை நிழலையும் அகலமாக்கினாள். நிழலுக்குள்ளும் மணல் பொடிப்பொடியாகத் தெரிய வேண்டும். வர்ணம் கெட்டியானால் ஓட்டை மாதிரி இருக்கும். பாதத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் கருமையைக் கூட்டினாள். இல்லையென்றால் ஆள் அந்தரத்தில் தொங்குவான்.

அவ்வளவில் வேலை முடிந்ததென்று எவனும் எழுந்திருப்பான். கெசியா எழுந்திருக்கவில்லை. கல்லின்மேல் நிற்கிற பாதத்துக்கு விளிம்பு கத்திபோல இருக்கும், மண்ணில் பாதம் கொஞ்சம் புதையும். ஆகவே ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் இரண்டு மூன்று மணலைத் தூவினாற்போல் வைத்தாள். வெளுத்த கல்லில் பட்டுத் தெறித்த வெளிச்சம் வேட்டிக் கரையில் ஏறியிருந்தது. மண்ணில் அது அவ்வளவு வராது. கரையை ஒரு சாயல் மங்கவைத்தாள். கடைசியில் அந்தக் காகிதத்தையே புதுத் தகட்டில் படம் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எத்தனை படம் போட்டாலும் ஒட்டுத் தெரியாது. அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை. அன்றைக்கு அவள் சோறுகூட நன்றாகச் சாப்பிட்டாள்.

படத்தை வாங்கக் கல்யாணப் பெண் ஜெபகனியும் அவள் அப்பா சத்தியநேசனும் வந்தார்கள். தரையைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள் என்று கெசியா கதவோரம் நின்றாள்.

“அக்கா, என் கம்மல் எப்படித் தெளிவா விழுந்திருக்கு!” என்றாள் ஜெபகனி.

“எம்மா, நான் ஏன் இப்படிக் களவாணி மாதிரி முழிக்கேன்?” என்றார் சத்தியநேசன். சட்டம் போட்ட படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார்கள். ஒருத்தரும் காலுக்குக் கீழே பார்க்கவில்லை. கெசியாவுக்கு அன்று வந்த வருத்தம், தன் வேலையைப் பாராட்டவில்லையே என்பது மட்டும்தான்.

ஆடி மாதம் சத்தியநேசனின் வக்கீல் பவுல்ராஜ், போட்டோக் கடைக்கு வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. புளியங்கரையில் கல் பாவின தெரு ஒன்றே ஒன்று, தேரோடுகிற தெரு. கிறிஸ்தவக் குடிகள் அதில் நடக்கக்கூடாது என்று மேலத்தெருக்காரர்கள் இப்போது மறிக்கிறார்கள். சத்தியநேசன் மகள் ஊர்வலம் அந்தத் தெரு வழியாகத்தான் தைரியமாகப் போனது. “நாங்கள் நடந்திருக்கிறோம், போட்டோ இருக்கிறது” என்று இவர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டு கச்சேரியில் கொடுப்பதற்காகச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்தபோதுதான் யாரோ ஒருவன் கேட்டானாம்: “கல்லு எங்கவே?”

கெசியா நேரே முதலாளியிடம் போனாள்.

“பொண்ணு வீட்டுக்காரங்களா மண்ணு கேட்டாங்க?”

ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்தார். “மேலத்தெருப் பண்ணையார் வீட்டு ஆளு வந்து கேட்டான். அந்த வீட்டுப் படமெல்லாம் இனி நமக்குத்தான்னான். நான் என்ன செய்ய?”

“பழைய தகடு எங்க?”

“வெந்நீர்ல போட்டுக் கழுவியாச்சு.”

“மண் தகடு?”

“அதுவும்தான். நல்ல கண்ணாடியைச் சும்மா போடுவாங்களா? பழைய தகட்டுக் கண்ணாடியை அவங்க படத்துக்கே சட்டத்துல மாட்டிக் குடுத்துட்டேன்.”

அந்த ஊர்வலம் நடந்த தெரு இருந்த கண்ணாடியையே வழித்து வெறுமையாக்கி, அதையே அந்தப் பொய்க்கு மேல் மூடியாகப் போட்டிருக்கிறார் மனுஷன். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு எடுக்கிற மனுஷன்.

“நான் கச்சேரியில சொல்லுவேன்” என்றாள்.

“போய்ச் சொல்லு” என்றார் அவர். பயப்படவே இல்லை.

மாஜிஸ்திரேட்டு கச்சேரியில் இந்தப் பக்கம் பத்துப் பேர், கல்தெருவில் நடந்தோம் என்று சத்தியம் செய்தார்கள். அந்தப் பக்கம் பத்துப் பேர் நடக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். “மனுஷன் பொய் சொல்லுவான், படம் சொல்லாது” என்று மாஜிஸ்திரேட்டு படத்தைக் கையில் எடுத்தார். ஞானசிகாமணி புதுத் தகட்டை நீட்டி, இதுதான் மூலத் தகடு என்றார். பவுல்ராஜ் கெசியாவைக் கூண்டில் ஏற்றினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோடு இழுத்ததை, குச்சி நட்டதை, வேட்டிக் கரையை மங்கவைத்ததை. கச்சேரி முழுக்க அவளையே பார்த்தது. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார்.

“அம்மா, ஒட்டு எந்த இடத்துல இருக்கு? விரல் வச்சுக் காட்டுங்க.”

“ஒட்டுத் தெரியாது. திரும்பப் படம் எடுத்துட்டோம்.”

“சரி. நிழலாவது கோணலா இருக்கா?”

“இல்ல. நான் சரியாப் போட்டேன்.”

“மண்ணு ஏதாவது பெரிசு சின்னதா தப்பா?”

“இல்ல.”

“அப்ப தப்பே இல்லாத படத்தைத் தப்புங்கிறீய!” என்றார் அவர். சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட்டு பூதக்கண்ணாடியை வைத்துப் பாதம் பாதமாகப் பார்த்தார். பிறகு அதை அவளிடமே கொடுத்தார். கோபமில்லாமல்தான் கொடுத்தார். “நீயே தேடிச் சொல்லு, பிள்ளே.”

கெசியா தேடினாள். மாப்பிள்ளையின் குதிகால், குடையின் நீள்வட்ட நிழல், தூரத்தில் அரிசிநொய்யாக மெலிந்துபோகிற மணல். எங்காவது ஒரு நிழல் மாறி விழுந்திருக்காதா, எங்காவது ஒரு கல்லிடுக்கு மிச்சமிருக்காதா? அவள் சோம்பலாக வேலை செய்திருந்தால், அரைகுறையாகச் செய்திருந்தால், மதுரைக்கு அனுப்பட்டும் என்று விட்டிருந்தால் இப்போது இந்த ஜனம் பிழைத்திருக்கும்.

“திரும்பச் செஞ்சு காட்டுதேன் ஐயா. ஒரு மாசம் குடுங்க” என்றாள்.

“நீ இன்னொன்று செய்வதால் இது செய்ததென்று ஆகாது” என்றார் மாஜிஸ்திரேட்டு. அந்தத் தெருவில் நடந்த வழக்கம் இவர்களுக்கு இருந்ததாக நிரூபணமில்லை என்று உத்தரவாயிற்று. இனி நடந்தால் தண்டனை.

படியிறங்கும்போது ஞானசிகாமணி பக்கத்தில் வந்தார். “சர்க்கார் வாயாலயே தப்பில்லன்னு சொல்ல வச்சிட்டியேளா. ரெண்டு குமாஸ்தா இப்பவே படம் எடுக்கணும்னு கேக்காங்க.” அவள் கை ஓங்கினது அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வேப்பமரத்தடியில் சத்தியநேசன் உட்கார்ந்திருந்தார். திட்டினால்கூட நன்றாயிருந்திருக்கும். “என் காலுல கல்லு சில்லுன்னு பட்டது இன்னும் ஞாபகம் இருக்கு தாயி. இந்தப் படத்தைப் பாத்தா எனக்கே சந்தேகமாயிருக்கு” என்றார்.

ஜெபகனி படத்தைச் சட்டத்திலிருந்து உருவினாள். “அக்கா, எங்க மூஞ்சியை மட்டும் வெட்டித் தாங்க. கீழ உள்ளது வேண்டாம்.”

வக்கீல் குமாஸ்தாவிடம் கத்தரிக்கோல் வாங்கி, முழங்காலுக்கு மேலாகக் கெசியா வெட்டினாள். வளையாமல், நேராக. படத்திலிருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் கொட்டுக்காரர்களும் ஜெபகனியோடு போனார்கள். கால்களும் நிழல்களும் மண்ணும் ஒரு நீளத் துண்டாகக் கெசியா கையில் மிஞ்சின.

அதையும் வெயிலில் சாய்த்து ஒருமுறை பார்த்தாள். அப்போதும் ஒரு குறை கிடைக்கவில்லை.