மல்லி வறுக்காத நாட்கள்

நாற்பத்தொரு நாளாக நவரட்ணம் ஒரு பிடி மல்லிகூட வறுக்கவில்லை.

ஸ்காபரோவில், கார் திருத்தும் கடைகளுக்கு நடுவே இருந்த அந்தக் கேற்றரிங் சமையலறையில் குழம்பு அவருடைய பொறுப்பு. பதினாறு வருடமாக அப்படித்தான். நாற்பத்தொரு நாளுக்கு முன்னர் ஒரு காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் போயிற்று. போகும்போது மூக்கையும் கொண்டு போய்விட்டது. நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, கசப்பும் தெரிந்தது. மிளகாய் வறுத்தால் தொண்டை கமறியது. மணம் மட்டும் இல்லை.

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூக்கில்லாத ஆளிடம் யார் குழம்பை விடுவார்கள்? அடுத்த கிழமையே வெங்காயம் உரிக்கிற மேசைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். அந்த அடுப்படியை விட்டு நகர அவருக்கு மனமில்லை.

அதனால் தேங்காயிடம் தஞ்சம் புகுந்தார். துருவிய பச்சைத் தேங்காய்ப்பூவையும் பெருஞ்சீரகத்தையும் வெண்ணெய் போல அரைத்து வைத்துக்கொள்வார். புளிக்கரைசல் கொதித்து, காய் வெந்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அந்த அரைத்த கூட்டை விடுவார். ஓரத்தில் நுரை கட்டி ஒரு கொதி வந்ததும் அடுப்பை நிறுத்திவிடுவார். அதற்குக் கண் போதும். புளியின் பச்சை வாடை போய்விட்டதா என்பதற்குத்தான் மூக்கு வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டுச் சமாளித்தார். வறுத்து அரைப்பது அப்படியல்ல. மல்லியும் சீரகமும் வெந்தயமும் எந்த நொடியில் இறக்கவேண்டும் என்பதை மணத்தால்தான் சொல்லும்.

பக்கத்து அடுப்பில் பொரியலும் சோறும் செய்யும் யோகமலர், அண்ணைக்கு யாரோ தென்னந்தோட்டம் எழுதி வைத்துவிட்டார்கள் போல என்று பகிடி பண்ணினாள். அவரும் சிரித்துவைத்தார். கத்தரிக்காய்க்குத் தேங்காய், பூசணிக்காய்க்குத் தேங்காய், முருங்கைக்காய்க்கும் தேங்காய். சாப்பிட்டவர்கள் குறை சொல்லவில்லை. உண்மையில் அவர் நிம்மதியாகத்தான் இருந்தார், யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் வரும்வரை. அங்கே குழம்பு மூன்று மணித்தியாலம் சூட்டுப் பெட்டியில் கிடந்தது. திறந்தபோது மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் திப்பி திப்பியாகத் தேங்காய். பச்சையாக அரைத்த தேங்காய் நெடுநேரச் சூட்டைத் தாங்காது. அது அவருக்குத் தெரியாததல்ல.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலை முதலாளி றொய்சன் வந்து தெளிவாகச் சொன்னான். அஜக்ஸில் நூற்றெண்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வீதி வேலை நடக்கிறது, வான் பதினொரு மணிக்கே வெளிக்கிடவேண்டும். பேச்செல்லாம் முடிந்து சாப்பிட இரண்டரையாகும். மண்டபத்தில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். ஆகவே கத்தரிக்காய்க் குழம்புக்குப் பச்சைத் தேங்காய் வேண்டாம், வறுத்தரைத்தே வையுங்கள் என்றான். சொல்லிவிட்டு றிச்மண்ட் ஹில்லுக்கு வேறொரு ஓடரைக் கொடுக்கப் போய்விட்டான்.

அப்போது எட்டரை மணி. நவரட்ணம் வறுக்கிற அகன்ற தாச்சியை அடுப்பில் வைத்தார். கண்ணும் காதும் இருக்கின்றன, போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மல்லி மெல்ல வெடித்தது, நிறம் ஒரு படி இறங்கியது, கொட்டினார். மிளகாய் வந்தது, தொண்டை கமறியது, கொட்டினார். மிளகும் சீரகமும் பொரிந்தன. ஒரு பிடி அரிசி பொன்னிறமானது. குழம்பைத் தடிப்பாக்க அது உதவும். தேங்காய்ப்பூவையும் சிவக்க வறுத்து எடுத்தார். அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வெந்தயம்தான் கடைசி. இரண்டு மேசைக்கரண்டிதான். தாச்சி அளவுக்கு மிஞ்சிச் சூடேறி இருந்தது. கூரையில் புதிதாகப் பூட்டிய வெள்ளை லைற்றின் கீழ் வெந்தயம் இன்னும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. இன்னொரு தரம் கிளறினார். எல்லாவற்றையும் சேர்த்துக் கிரைண்டரில் அரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

கசந்தது. மறைக்க முடியாத கசப்பு.

யோகமலர் வாழைக்காய் நறுக்கிய கத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, வெந்தயம் கருகின மணம் அப்பவே வந்தது. நீங்கள் இன்னும் கிளறிக்கொண்டு நிண்டியள். வேணுமெண்டுதான் செய்யிறியளாக்கும் எண்டு பேசாமல் இருந்திட்டன்.”

மூக்கடைப்பு, தடிமன் என்றார் நவரட்ணம். ஒன்றரை மாதமாகத் தடிமனோ என்று கேட்டுவிட்டு அவள் வாழைக்காய்க்குத் திரும்பினாள்.

நேரம் ஒன்பதே கால். பெரிய சட்டியில் புளியும் கத்தரிக்காயும் கொதிக்கத் தொடங்கியிருந்தன. குளிரூட்டியில் பச்சைத் தேங்காய்ப்பூ நிறைய இருந்தது. அரைத்துக் கடைசியில் விட்டால் பதினொரு மணிக்கு இங்கே ருசியாகத்தான் இருக்கும். இரண்டரைக்கு அஜக்ஸில் பெட்டியைத் திறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். குளிரூட்டியின் கைப்பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

“மலர், இதிலை ஒருக்கா நில்லும். மணம் வரேக்கை எனக்குச் சொல்லும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து தாச்சிக்கு மேலே குனிந்து நின்றாள்.

எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. நெருப்பை அளவாக வைப்பதும் கிளறுவதும் அவர். “இப்ப” என்பது அவள். மல்லிக்கு ஒரு “இப்ப”. சீரகத்துக்கு அவர் எதிர்பார்த்ததற்கு முன்னரே ஒன்று. தேங்காய்ப்பூவுக்கு “பொறுங்கோ, பொறுங்கோ” என்று இழுத்துவிட்டு ஒன்று. வெந்தயத்துக்குத் தாச்சியை ஆறவிட்டு, ஐம்பது எண்ணுவதற்குள் இறக்கினார்கள். சூடாறிய சரக்கைத் தூளாக்கி, வறுத்த தேங்காயை எண்ணெய் கசியும்வரை அரைத்து, இரண்டையும் இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் கரைத்தார் நவரட்ணம். புளியின் பச்சை வாடை போய்விட்டது என்று அவள் தலையாட்டியதும் சட்டியில் விட்டார். பச்சைத் தேங்காய் போல இதைக் கடைசி நிமிடத்தில் விட்டு இறக்க முடியாது. மெல்லிய நெருப்பில் கால் மணித்தியாலம் கொதிக்கவேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்தது. இதில் அப்படிப் பிரிவதுதான் பதம். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தண்ணியாகவே நிறுத்தினார்.

நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பும் புளியும் உறைப்பும் சரியாக இருந்தன, கசப்பு இல்லை. மிச்சத்தை யோகமலரின் முகத்தில் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவருக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது.

றொய்சன் பத்தே முக்காலுக்கு வந்தான். கதவைத் திறக்கும்போதே மூச்சை இழுத்தான். கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கினான். இன்னொரு தரம் விட்டான்.

“அண்ணை, இதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? வாற மாசம் எங்கடை பேரிலை கறித்தூள் போடப்போறன். வறுக்கிறது முழுக்க நீங்கள்தான். உங்கடை மூக்கை நம்பித்தான் இறங்கிறன்.”

யோகமலர் வாழைக்காயை எண்ணெயில் போட்டாள். அது சளசளத்தது. அவள் திரும்பவேயில்லை. அவர் ஓம் என்றால் அவளும் பேசாமல்தான் இருப்பாள். அது நவரட்ணத்துக்குத் தெரிந்தது.

அவர் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தார்.

“தம்பி, எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை. காய்ச்சல் வந்ததிலையிருந்து. இண்டைக்கு மணம் பாத்தது மலர்தான்.”