ஓடிக்கொண்டே இருந்த சக்கரம்

பாம்பனில் மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் சதக்குக்குக் கை வேகம் அதிகம். அந்தப் பெருமையே அன்று அவரைக் கவிழ்த்தது.

காலை ஒன்பது மணிக்கு பானுப்பிரியா வேர்க்க விறுவிறுக்க ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் ஐஸ் பெட்டி நிறைய நண்டு. பாலம் தாண்டி, பத்து மணிக்குள் மண்டபம் ஊரிலுள்ள நண்டுக் கம்பெனியில் இறக்க வேண்டும்.

“சதக்ணே, சாவியை எடுத்தாலும் பின்சக்கரம் இறுகிக் கெடக்கு. இடுப்பே போச்சு.”

சதக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். விட்டு விட்டு, முரண்டுபிடித்து நகர்ந்தது. மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்களைப் பிரித்துவிட்டுச் சுற்றினார். லேசாக ஓடியது.

“மோட்டார் நல்லாருக்கு தாயி. கன்ட்ரோலர்தான் உள்ள ஷார்ட். வாடை போகக் கடல்தண்ணி ஊத்திக் கழுவுனியா?”

“நல்லதண்ணிக்கு எங்கண்ணே போக?”

இரண்டு பிரேக் ஒயர்களும் துருவேறி அசையாமல் கிடந்தன.

“பிரேக்கே புடிக்க மாட்டியா?”

“எதுக்கு? ஆக்சிலேட்டரை விட்டா வண்டியே இழுத்துப் புடிக்குது. கடைசியில காலை ஊனிக்கிருவேன்.”

அவள் சொன்னதும் பொய்யில்லை. அந்த வண்டியில் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் செம்புச் சுருள், சுற்றிலும் காந்தம். பேட்டரி கரண்ட் கொடுத்தால் சக்கரம் ஓடும். முறுக்கிய கையை விட்டால் ஓடுகிற சக்கரமே கரண்டு உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அந்த வேலையின் பளுதான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். எப்போது எதைச் செய்வது என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர்.

“பிரேக் ஒயரைச் சாயங்காலம் மாத்திருவோம்” என்று சொல்லிவிட்டு, சதக் அரைமணியில் புது கன்ட்ரோலரைப் பூட்டினார். ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கினார், விட்டார். சக்கரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

“எம்புட்டு லேசா ஓடுது பாரு!”

அவள் போன பிறகு டீயை வாயில் வைத்தவருக்குச் சுரீரென்றது. கையை விட்ட சக்கரம் அப்படி ஓடக் கூடாதே! பழைய கன்ட்ரோலரில் மாட்டியிருந்த மெல்லிய ஒயர் ஒன்று, புதியதில் மாட்டப்படாமல் தொங்கியது நினைவுக்கு வந்தது. கையை விட்டதும் இழுத்துப் பிடிக்கும்படி கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஒயர் அதுதான்.

போன் அடித்தார். மணி போனதே ஒழிய எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு விரைந்தார். பாலத்தில் ஏறும் வரை பிரேக் தேவையில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. நடுப்பாலம் தாண்டினால் இறக்கம். அங்கேதான் சுற்றுலா வண்டிகள் பக்கத்துப் பாலத்தில் போகும் ரயிலைப் பார்க்க ஓரங்கட்டி நிற்கும்.

யா அல்லாஹ், ஒரு வண்டியும் நிற்கக் கூடாது.

நின்றது. ஒரு சுற்றுலா வேனின் பின்புறம் நசுங்கியிருந்தது. தார்ரோட்டில் ஐஸ் சிதறிக் கிடந்தது, கால் கட்டிய நண்டுகள் துடித்தன. பானுப்பிரியா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

“கையை விட்டுட்டேண்ணே” என்றாள். “எப்பவும் போலத்தான் விட்டேன். நிக்கவே இல்லையே.”

யாரோ ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சதக் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உப்புத்தண்ணி மேல் பழிபோட வார்த்தை வாய் வரை வந்தது.

“நிக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் தாயி” என்றார். “ஒன் கண்ணு முன்னாலதான சுத்திக் காட்டுனேன்.”