கன்னையன் அனுப்பிய கடுதாசி

போடியில் செல்லக்கிளி குடியிருக்கும் தெருவில் ஏலக்காய் மூட்டை இறங்காத நாள் கிடையாது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கிழவி கையில் இருக்கும் சோலியை அப்படியே போட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவாள். உடம்பு மட்டும் இங்கே இருக்கும். எந்த வருஷத்து மலை என்று கேட்டால் ஐம்பத்து நாலு, ஐப்பசி என்று பளிச்சென்று சொல்வாள். நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ராசிங்காபுரத்துக்காரி. கட்டியவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். அங்கே சோறு உண்டு. தொட்டுக்கொள்ள அண்ணியின் வாய்ச்சொல்லும் உண்டு. அதற்குப் பயந்துதான் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்க வந்தாள். வந்த பிறகுதான் வயிறாரத் தின்று கண்ணாரத் தூங்கினாள். அட்டைக்கடியும் குளிரும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆள் கணக்கில் பேரை வெட்டிக் கீழே அனுப்பிவிட்டால் மறுபடி அண்ணி முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. பழைய கங்காணி மொக்கச்சாமி இருந்தவரை, பறிப்பில் சண்டை என்றால் யார் என்ன என்று கேட்கவே மாட்டார். இரண்டு பேர் பேரையும் வெட்டு, மலையை விட்டு இறக்கு. அவ்வளவுதான் அவருடைய நியாயம். அவர் முடியாமல் ஊருக்குப் போன பிறகு, செடி கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்த கன்னையன் கங்காணியாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

பறிப்பில் ஆளுக்கு ஒரு நிரை, ஒரு வரிசைச் செடி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது; தூரடியில் சரம் சரமாகத் தரையோடு கிடக்கும். குந்தியபடியே தூருக்குத் தூர் நகர்ந்து, பருவமான காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் விட்ட இடத்துச் செடியில் ஒரு ஓலையை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போனால், மறுநாள் அங்கிருந்து தொடங்கலாம். அடுத்தவள் முடிச்சைத் தாண்டிக் கைவைப்பது அடுத்தவள் உலையில் கைவைப்பதற்குச் சமம்.

அன்று விடியலில் ஆளை ஆள் தெரியாத பனி. கன்னையன் அந்தப் பனியிலேயே நிரைகளைக் காட்டிவிட்டு, காய்ந்த ஏலக்காய் லோடோடு போடிக்கு இறங்கிவிட்டார். செல்லக்கிளி தடவித் தடவி ஒரு முடிச்சைக் கண்டுபிடித்துப் பறிக்க உட்கார்ந்தாள். மூன்றாவது தூரில்தான் உறைத்தது, அது தன் நிரை இல்லை, தன் ஊர்க்காரி சுருளியம்மாளுடையது. எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் கூடை குறைந்திருந்தது, இந்தத் தூர்களிலோ காய் கொழித்துக் கிடந்தது. இன்னும் ஏழு தூர் பறித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சுருளியம்மாள் தாமதமாக வந்து பார்த்தபோது சரம் எல்லாம் மொட்டையாக இருந்தது. பக்கத்து நிரை சிலமலை ஊர்க்காரி சந்திரவல்லியுடையது. பிறகு கேட்க வேண்டுமா? எடுத்தவள் நீதான் என்று சுருளியம்மாள் அவள் கூடையைப் பிடித்து இழுத்தாள், மயிரைப் பிடித்தார்கள், இரண்டு ஊர்க்காரிகளும் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். நாலு கூடைக் காய் சேற்றில் கொட்டி மிதிபட்டது. வெடித்த காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு ஆகாது. ஒரு நாள் உழைப்பு நாசம்.

செல்லக்கிளி வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ராசிங்காபுரம் ஒரு பக்கம், சிலமலை ஒரு பக்கம். மதியக் கஞ்சிகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான். முந்தின வாரம் வரை கெக்கே பிக்கே என்று சிரித்துக் கிடந்த கூட்டம் அது. பாடாத வாய் கிடையாது.

மூன்றாம் நாள் காலை, எல்லாரும் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக்களத்துக்குக் கழுதைக்கார ஒச்சப்பன் போடியிலிருந்து ஒரு கடுதாசியோடு வந்தான்.

“கங்காணி குடுத்துவிட்டாரு. எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணுமாம்.”

கங்காணி இல்லாத நாளில் ஆள் எண்ணும் காவல்காரர் சோலைமலைக்கு எழுத்து வாசனை கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஐந்தாவது வரை படித்தவள் ஒருத்திதான்.

“ஆத்தா செல்லக்கிளி, வெரசா வாசி” என்று அவள் கையில் திணித்தார்.

‘பறிப்புக்காரர் எல்லோருக்கும் கன்னையன் எழுதுவது. நடந்ததை ஒச்சப்பன் சொன்னான். பனி விலகுமுன் நிரை காட்டிவிட்டு வந்தது என் தப்பு. இனிமேல் பனி விலகாமல் நிரை பிரிப்பதில்லை. கொட்டிய காய்க்கு யார் கூலியிலும் பிடித்தம் கிடையாது, முதலாளியிடம் பேசிவிட்டேன். யார் பேரையும் வெட்டப்போவதில்லை.’

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவள் தொடர்ந்தாள்.

‘ஆனால் இனி நடக்க வேண்டியது இது. ஓலை முடிச்சோடு அவரவர் சேலை நூல் ஒன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தகராறு வந்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். அடுத்தவர் கூடையில் கைபட்டால், பட்டவர் யாராக இருந்தாலும் அந்த மாதம் முழுக்கப் பறிப்பு இல்லை. அதே கூலிக்குக் களையெடுக்கத்தான் போக வேண்டும். சிலமலை அடுப்பும் ராசிங்காபுரத்து அடுப்பும் தனித்தனியாக எரியட்டும், நிரையில் தனித்தனி கிடையாது. ஒருவர் விட்டு ஒருவர் நிற்க வேண்டும்.’

அடுத்த வரியைக் கண் முந்திப் பார்த்துவிட்டது. வாசிப்பதை நிறுத்தினாள்.

“என்னத்தா, முடிஞ்சிருச்சா?” என்றார் சோலைமலை.

முடிந்துவிட்டது என்று மடித்துக் கொடுத்திருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. எதிரே சந்திரவல்லி நின்றாள். மூன்று நாளாகத் திருடி என்ற பேரைச் சுமந்து முகமே சுண்டிப் போயிருந்தது. செல்லக்கிளி மீதியையும் வாசித்தாள்.

‘சந்திரவல்லி எடுத்தாள் என்கிறார்கள். யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை நான் நம்பமாட்டேன், நீங்களும் பேசக்கூடாது. எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். சுருளியம்மாளுக்கும் சந்திரவல்லிக்கும் தெரிய வேண்டும். நான் வெள்ளிக்கிழமை வருவதற்குள் அந்த ஆள் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னவரை நான் ஒரு கேள்வி கேட்கமாட்டேன். இதை வாசிக்கிறவர் ஒன்றையும் விடாமல் வாசிக்கவும்.’

கடுதாசியை மடித்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளை அவளால் தாங்க முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

“அது நாந்தேன்” என்றாள். “பனியில முடிச்சு தெரியல. பெறகு தெரிஞ்சும் எந்திரிக்கல. என்னைய மன்னிச்சிருங்கக்கா.”

சந்திரவல்லிதான் பேசினாள்.

“மூணு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தியேடி.”

செல்லக்கிளி அழுதாள். யாரும் தேற்றவில்லை, யாரும் ஏசவும் இல்லை. சோலைமலை தொண்டையைச் செருமிவிட்டு நிரையைப் பிரித்தார், சிலமலை ஒன்று, ராசிங்காபுரம் ஒன்று. செல்லக்கிளிக்கும் சுருளியம்மாளுக்கும் நடுவில் சந்திரவல்லி. அன்றைக்குப் போல் நீண்ட பகல் அவள் ஆயுசில் வரவில்லை. மத்தியானம் சுருளியம்மாள் சந்திரவல்லியிடம் என்னவோ முணுமுணுத்தாள். சந்திரவல்லி, “சரி விடுக்கா” என்றது மட்டும் காதில் விழுந்தது.

சாயங்காலம் ஓலையை முடிந்தார்கள். ஒருத்தி பச்சை நூல் உருவினாள், ஒருத்தி மஞ்சள். சுருளியம்மாளுடையது நீலம். செல்லக்கிளி முந்தானையில் ஒரு நூலை உருவிப் பார்த்தாள். வெள்ளை. பனியில் அது யாருக்குத் தெரியும்? முடிச்சுக்கு முன்னால் நூலும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் சரக்கென்று சத்தம் கேட்டது. சந்திரவல்லி தன் சேலைக் கரையிலிருந்து சிவப்பு நூலை நீளமாக உருவினாள். குனிந்து செல்லக்கிளியின் ஓலையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“இது ஒனக்கு. எஞ் சேலையில ஊதாப் பூ நூலும் இருக்கு, அதைக் கட்டிக்கிறேன்” என்றாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. “இனிமே பனி மேல பழியப் போடாத.”

கூடையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, செல்லக்கிளி பின்னாலேயே போனாள்.